ஜூலை இல்லாத பதிவேடு

2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததில்தான் கோபம். சில நாட்களிலேயே ஏறத்தாழ 1,70,000 பேருக்கு வேலை போயிற்று. அதில் நானும் ஒருவன். வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றில் ஓராசிரியர் பள்ளி என்னுடையது. ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே வருகைப் பதிவேடு.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டு 6-ஆம் தேதி தீர்ப்பும் வந்தது. கையெழுத்துப் போட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பள்ளிக்கு வந்து பீரோவைத் திறந்தால், பதிவேட்டில் ஜூன் மாதத்துக்கு அடுத்து ஆகஸ்டு இருந்தது. ஐந்து வகுப்புக்கும் ஜூலைப் பக்கங்களை மட்டும் தையலோடு ஒட்டிக் கிழித்திருந்தார்கள். எலியோ கரையானோ மாதம் பார்த்துக் கடிக்காது. மறுநாள் மாணவர் எண்ணிக்கை சரிபார்ப்புக்கு அலுவலர் வருவதாகத் தகவல். ஆகஸ்டு 1 நிலவரப்படி உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்வார்கள். அப்போதுதான் திரும்பி வந்த என்னைப் போன்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“அந்தத் தம்பிதான் சார்,” என்றார் சத்துணவு ஆயா. நாங்கள் இல்லாத நாட்களில் பள்ளியை ஓட்டுவதற்கு ஊரிலேயே படித்த பையன் ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நாங்கள் திரும்புகிறோம் என்றதும் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். “நான் எழுதுனது எதுக்கு இங்க கெடக்கணும்னு சொல்லிக்கிட்டே கிழிச்சுது. நாந்தான் தடுக்கல.”

பக்கத்து ஊர் ஆசிரியர் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். புதுப் பதிவேடு வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிடலாம் என்றார். எழுதலாம்தான். ஆனால் அனுபவப்பட்ட கண்ணுக்கு அதைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதன்மேல் எதிர்க்கோடு என்று தினமும் இரண்டு வேளை போடுவது வருகை. பேனா மாறும், அவசரத்தில் கோடு கோணும், ஈரக்கை பட்டு மை பரவும். ஒரே உட்காரலில் எழுதியது ஒரே சாய்வில் வரிசையாக நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. வறட்சி தாங்காமல் ஜூலை நடுவில் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அவர்கள் பிள்ளைகள் இருவருக்கும் நான் மாதம் முழுக்க வருகை போட்டிருப்பேன்!

அதனால் கிழிந்ததைத் தொடவில்லை. சத்துணவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அமைப்பாளரோடு உட்கார்ந்தேன். அதில் பெயர் இல்லை, அன்றன்று சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். அந்த எண்ணிக்கையை நம்பலாமா என்பதை அரிசியை வைத்துப் பார்த்தோம். தலைக்கு 100 கிராம் கணக்கு. ஒருநாள் 31 பேர் என்று எழுதியிருந்தால் 3 கிலோ 100 கிராம் குறைந்திருக்க வேண்டும். அப்படி நாள்வாரியாகக் கூட்டி, மாதக் கடைசி இருப்போடு ஒப்பிட்டோம், ஒத்துப்போனது. ஆனாலும் அது மதியம் பள்ளியில் சாப்பிட்டவர்களின் கணக்குதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் நாலைந்து பேர் அதில் வரமாட்டார்கள். எனவே உண்மையான வருகை இதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை, கூடுதலாக இருந்திருக்கலாம் என்று மட்டும் எழுதினேன். திருப்பூர் போன குடும்பத்தைத் தனியாகக் குறிப்பிட்டேன். நானும் அமைப்பாளரும் கிராமக் கல்விக் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட்டோம்.

அலுவலர் வந்தார். முதலில் பிள்ளைகளை நிறுத்தித் தலையெண்ணினார், பிறகு சேர்க்கைப் பதிவேட்டோடு பெயர் பெயராகச் சரிபார்த்தார். கிழிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “யார் கிழிச்சதுன்னு எழுதலையே?” என்று கேட்டார்.

“நான் பார்க்கல சார்.”

அது பொய்யில்லை. ஆயா வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அலுவலர் என் அறிக்கையைக் கிழிந்த இடத்தில் ஒட்டச் சொன்னார். அதன்மேல் பாதியும் பதிவேட்டின்மேல் பாதியுமாக விழும்படி கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். மீதமிருந்த பக்கங்களுக்கு வரிசை எண் போடச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையைச் சான்றளித்தார். கண்டித்து ஒரு வரி எழுதினார், பாதுகாப்பு போதவில்லை என்று. அது நியாயம்தான், சாவி ஜன்னல் திண்டில்தான் எப்போதும் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பையன் செய்தது தவறு, அவருக்குச் செய்தது அதைவிடப் பெரிய தவறு. பிறகு அவர் ஒரு நூற்பாலையில் இரவு முறைக்குச் சேர்ந்தார்.