30 மீற்றர் என்று போட்ட மணிக்கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போனது?

போன வருடம் ஒரு மாணவனுக்குப் பிழையான பதில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் 10 படிக்கும் பிள்ளை. சவூதியில் வேலை செய்யும் வாப்பா லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த மணிக்கூடு. இடைவேளையில் அதைக் கழற்றி என் மேசையில் வைத்தான். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. செக்கன் முள் ஓடவில்லை.

"சேர், பின்னுக்கு 30 மீற்றர் என்டு போட்டிருக்கு. நான் நெஞ்சளவு தண்ணியிலதான் நீந்தின. எப்பிடி சேர் தண்ணி உள்ளுக்குப் போன? வாப்பாக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற தைரியத்தில் உடனே சொன்னேன்: "நீந்தும்போது கையை வீசுறதால அமுக்கம் பல மடங்கு கூடும் மகன், அதுதான்." கடைகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்றிரவுதான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அசையும் நீர் மேலதிகமாகக் கொடுக்கும் அமுக்கம் ½ρv². கை செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் நீரை வெட்டுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நம்மில் யாரும் அந்த வேகத்தில் நீந்துவதில்லை. அப்போதும் வருவது 12,500 பாஸ்கல்தான். 10 மீற்றர் ஆழத்து நீர் கொடுப்பது சுமார் 100,000 பாஸ்கல். ஆகவே அவ்வளவு வேகமாகக் கை வீசினாலும் ஒன்றேகால் மீற்றர் ஆழம் கூடிய மாதிரிதான். அந்தப் பிள்ளை நின்ற ஆழத்தையும் சேர்த்தால் 3 மீற்றர்கூட வராது. 30இல் பத்திலொரு பங்கு. நான் சொன்ன காரணம் பிழை.

அப்படியென்றால் தண்ணீர் எப்படிப் போனது? சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு மணிக்கூடு திருத்துபவரிடம் போனேன். அவர் பின்மூடியைக் கழற்றி, மூடிக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இறப்பர் வளையத்தை ஊசியால் தூக்கிக் காட்டினார். ஓரிடத்தில் அது நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தது. "இது எப்ப திறந்த தம்பி?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன் வேறொரு கடையில் பெட்டரி மாற்றியிருக்கிறார்கள். பழைய வளையத்தையே, கிறீஸும் பூசாமல் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடி இறுகும்போது வளையம் நழுவி நசுங்கிவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து 30 மீற்றர் என்பது வெறும் எழுத்துதான்.

அந்த எண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 30 மீற்றர் என்றால் 3 பார் அமுக்கம். புதிய மணிக்கூட்டை, அசையாத நீரில், குமிழ் சரியாக அழுத்தியிருக்கும் நிலையில் பார்க்கும் சோதனை அது. சாதாரண மணிக்கூடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 தரத்தில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்றில்லை, மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்த்தால் போதும். சுழியோடிகளுக்கான 6425 தரத்தில்தான் ஒவ்வொன்றும் சோதிக்கப்படும், அதுவும் போட்டிருக்கும் எண்ணைவிடக் கால் பங்கு கூடிய அமுக்கத்தில். 30 போட்டதை மழைக்கும் கைகழுவவும் மட்டும் என்று கம்பனிகள் சொல்வது, நெஞ்சளவு நீரில் 30 மீற்றர் அமுக்கம் இருப்பதால் அல்ல. வளையம் கொஞ்சம் வயதானாலும் தாங்குவதற்கு அதில் மிச்சம் குறைவு என்பதால்தான். கடலில் குளிப்பவர் 100 போட்டதை வாங்குவதும் அந்த மிச்சத்துக்காகத்தான்.

வளையத்தைக் கெடுப்பதில் ஆழத்தைவிடப் பெரிய எதிரி சூடு. நுவரெலியாவுக்குப் போனால் எல்லோரும் சுடுநீர் ஷவரில் நிற்போமே, அதைச் சொல்கிறேன். சோதனையில் மணிக்கூட்டை 40 பாகை நீரிலும் 20 பாகை நீரிலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். ஷவர் அதைத் தாண்டுவது லேசு. சூட்டில் இறப்பர் மெதுவாகித் தட்டையாகும், ஆறியபின் பழைய உருளை வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வருடத்தில் தெரியும். போதாததற்குச் சவர்க்காரமும் ஷாம்பூவும் நீரின் பரப்பிழுவையைக் குறைத்துவிடும். வெறும் நீர் புக முடியாத நுண்ணிய இடைவெளிக்குள் சவர்க்கார நீர் ஊர்ந்து போய்விடும்.

சோனா இதைவிட மோசம். கட்டாரில் இருக்கும் என் மச்சான் ஜிம்மில் சோனாவுக்குள் 100 மீற்றர் மணிக்கூட்டோடு உட்கார்ந்துவிட்டு, அப்படியே குளிர்ந்த தொட்டியில் இறங்குவார். "100 போட்டிருக்குத்தானே மச்சான்" என்பார். சோனாவில் காற்று 80, 90 பாகை. அமுக்கம் அங்கே ஒன்றும் கூடவில்லை, ஆகவே 100 என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. உள்ளேயிருக்கும் காற்று விரிந்து, பலவீனமான இடம் இருந்தால் கொஞ்சம் வெளியேறும். உலோகம், கண்ணாடி, இறப்பர் மூன்றும் வெவ்வேறு அளவில் விரியும். குளிர்நீரில் இறங்கியதும் உள்ளே மிஞ்சிய காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். இன்னொன்று, திரவ நீரை மறிக்கும் இறப்பருக்குள்ளால் நீராவி மெல்ல மெல்ல ஊடுருவும். மச்சானின் மணிக்கூடு இன்னும் ஓடுகிறது. ஆனால் ஏசி அறைக்குள் போனால் கண்ணாடியின் ஓரத்தில் சின்னப் பிறை மாதிரி ஆவி தெரிகிறதாம்.

வுளூ செய்வதால் பழுதாகுமா என்று பலர் கேட்கிறார்கள். குளிர்ந்த நீர், சவர்க்காரம் இல்லை, குழாயிலிருந்து வரும் அமுக்கமும் சொற்பம். வளையம் நன்றாக இருந்தால் பயமில்லை. பயப்பட வேண்டியது குமிழுக்குத்தான். மணிக்கூட்டை முழங்கைப் பக்கம் தள்ளும்போது குமிழ் சட்டைக் கையில் மாட்டி அரை மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டால், எந்த எண் போட்டிருந்தும் பிரயோசனம் இல்லை. கழற்றி வைப்பதே லேசு. தண்ணீருக்குள் குமிழைத் திருகுவதும் பொத்தானை அமத்துவதும் கூடவே கூடாது. கடலில் குளித்தால் பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு காய்ந்தால் குமிழின் இடுக்கில் மணல்போல அரைக்கும்.

திருத்துபவர் ஒரு சோதனை காட்டினார், வீட்டிலும் செய்யலாம். மணிக்கூட்டைக் கையில் கட்டி நன்றாகச் சூடேறவிட்டு, கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஒரு துளி வைக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். துளி இருந்த இடத்துக்கு உட்பக்கத்தில் ஆவி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆய்வுகூடத்திலும் இதே வழிதான், அங்கே 40 முதல் 45 பாகை வரை சூடாக்கிய தட்டில் வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆவி தெரிந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அன்றைக்கே பின்மூடியைத் திறக்கக் கொடுங்கள். கடல் நீர் என்றால் ஒரு இரவுகூட வைக்க வேண்டாம். அடுத்த முறை பெட்டரி மாற்றும்போது, "புது வளையம் போடுவீங்களா, அமுக்கம் சோதிக்கிற மெசின் இருக்கா?" என்று கேளுங்கள். மெசின் இல்லையென்றால் அந்த மணிக்கூட்டோடு நீருக்குள் இறங்க வேண்டாம்.

பிள்ளையின் மணிக்கூட்டில் உப்பு ஏறி உட்பகுதி துருப்பிடித்திருந்ததால் முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. புது வளையமும் போட்டு வாங்கினோம். வாப்பாவுக்கு அவனே போனில் சொல்லிவிட்டான், அவர் ஏசவில்லையாம். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் ½ρv² கணக்கைப் போட்டு, சேர் சொன்னது பிழை என்று நானும் சொன்னேன். இப்போதெல்லாம் அவன் கடலுக்கு இறங்கும்போது மணிக்கூட்டைக் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டுத்தான் போகிறான்.