முக்காடு போட்ட மகன்

மருதமுனையில் எங்கள் வளவில் அப்போது இரண்டு கைத்தறிகள் இருந்தன. காலையில் தொடங்கும் சத்தம் லுஹர் பாங்குக்குத்தான் ஓயும். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே மூன்று வயதில் என்னைச் சுற்றி மூத்தம்மா, உம்மா, இரண்டு சாச்சிமார், ராத்தா. வாப்பா இரவில் வருகிற ஆள். நான் வேறு யாரைப் பார்த்துப் பழகியிருக்க முடியும்?

ராத்தாவின் பாவாடையை மார்புவரை இழுத்துக் கட்டிக்கொள்வேன். உம்மாவின் பழைய சேலைத் துண்டு முக்காடு. தறிக்குப் பக்கத்தில் சிரட்டையில் மண்சோறு ஆக்குவேன். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்து, மூத்தம்மாவிடம் ஓடிப்போய், "நான் இப்ப ராத்தாவா?" என்று கேட்டேனாம். நூல் சுற்றிக்கொண்டிருந்தவ நிமிராமலே சொன்னா: "இல்ல மகன், நீ முக்காடு போட்ட மகன்." நான் துண்டை உருவிவிட்டு ஒருதரம், திரும்பப் போட்டு ஒருதரம் போய்க் கேட்டேனாம். மூன்று தரமும் மகன் என்பதுதான் பதில்.

கிறுக்குக் கேள்வி இல்லை அது. ஆசிரியர் பயிற்சியில் லோறன்ஸ் கோல்பேர்க் 1966இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு மூத்தம்மாதான் நினைவுக்கு வந்தா. மூன்று வயதுப் புள்ளை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிவிடும். உடுப்பும் முடியும் மாறினாலும் அது மாறாது என்பது பிடிபட ஆறேழு வயது ஆகலாம். அதுவரை போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்துத்தான் அறியும்.

தங்கச்சியின் மகன் விசயம் வேறு மாதிரி இருந்தது. நாலு வயது. சட்டைக்காகப் பிடித்த அடத்தைச் சொல்லவில்லை. அரை வருசத்துக்கு மேலாக "நான் பொம்புளப் புள்ள" என்று விடாமல் சொன்னான். குளிக்க வார்க்கும்போது தன் உடம்பைப் பார்த்து அழுதான். பிறகு பாலர் பாடசாலைக்கும் போகமாட்டேன் என்றான், சோறும் இறங்கவில்லை. தங்கச்சி கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவிச்சியிடம் போனா. அங்கிருந்து துண்டு எழுதி மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள்.

வைத்தியர் சட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இவனுக்கு யார் அடிக்கிற?" என்றுதான் தொடங்கினார். மச்சான்தான். பொம்மையைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தவரும் அவரே. சோறு இறங்காததற்கு அந்தப் பயமே காரணமாக இருக்கலாம் என்றார் வைத்தியர். மற்றதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை: சில புள்ளைகளுக்கு இது போய்விடும், சிலருக்கு நிலைக்கும், நாலு வயதில் யாராலும் சொல்ல முடியாது, அடித்து மாற்றவும் முடியாது.

அடுத்த தவணைக்கு வாப்பாவையும் கூட்டி வரச் சொன்னார். மச்சான் வந்தார். உள்ளே வராமல் வெளி வாங்கில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டின மாதிரித் தெரியவில்லை.