பச்சையெல்லாம் பாசி இல்லை

போன மாசம் நாகப்பட்டினம் போயிருந்தப்போ அம்மா சாமி அலமாரியைத் திறந்து காட்டினாங்க. "பாருடா, கிருஷ்ணனுக்குப் பாசி பிடிச்சிருக்கு. எத்தனை தடவை தேச்சாலும் நாலு நாள்ல திரும்ப வந்துடுது."

பாட்டி காலத்து வெண்கலத் தவழும் கிருஷ்ணன், நாலு விரல்கடை உயரம். முழங்காலுக்குக் கீழே வெளிர்பச்சையா ஒரு பொடி, தொட்டா திருநீறு மாதிரி விரல்ல ஒட்டுது. பொடியைத் தட்டினா அடியில கடுகு அளவுக்குக் குழி. அது பாசி இல்லை. அதுக்குப் பேரே வெண்கல நோய் (சத்தியமா நான் வச்ச பேர் இல்லைங்க).

வெண்கலம் பச்சையானாலே நோய்னு நினைக்கக்கூடாது. பல வருஷமா காத்துல இருக்குற வெண்கலத்துக்கு மேல கரும்பச்சையா, கெட்டியா ஒரு தோல் உருவாகும். நகத்தால சுரண்டினாலும் வராது. உள்ளே இருக்குற உலோகத்துக்கு அது ஓரளவு கவசம். நோயோட பச்சை வெளுப்பா, பொடியா, புள்ளி புள்ளியா வரும். கீழே குழி பறிச்சுக்கிட்டே போகும்.

காரணம் உப்பு. உப்புல இருக்குற குளோரைடு செம்போட சேர்ந்து குப்ரஸ் குளோரைடா மாறி, தோலுக்கு அடியில பதுங்கிக்கும். காத்துல ஈரப்பதம் ஏறினதும் முழிச்சுக்கும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைப் பச்சைப் பொடியா மாத்தும்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும். அந்த அமிலம் பக்கத்துல இருக்குற நல்ல செம்பைக் கடிச்சு மறுபடி குப்ரஸ் குளோரைடு ஆக்கும். நம்ம பாஷையில சொன்னா எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப். நல்ல செம்பும் ஈரமும் இருக்குற வரைக்கும் ஓடும்.

"அம்மா, புளியோட வேற என்ன போட்டுத் தேய்ப்பீங்க?"

"கொஞ்சம் கல்லுப்பு. அப்பதானே பளபளன்னு வரும்?"

முப்பது வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம நோய்க்குத் தீனி போட்டிருக்கோம்! கடல் காத்து வேற இலவசம். அம்மா முகம் வாடிப்போச்சு. ஏன்டா சொன்னோம்னு ஆயிடுச்சு.

நோய் இன்னும் உயிரோட இருக்கான்னு பார்க்க சுலபமான சோதனை ஒண்ணு உண்டு. பொடியை மரக்குச்சியால எடுத்துட்டு, மூடி போட்ட டப்பாவில ஈரப்பஞ்சு பக்கத்துல (தொடாம) ஒருநாள் வைக்கணும். மறுநாள் புதுசா வெளிர்பச்சைப் புள்ளி முளைச்சிருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம். நம்ம கிருஷ்ணனுக்கு மூணு புள்ளி.

மியூசியத்துல என்ன செய்வாங்க? உருப்பெருக்கிக்குக் கீழே வச்சு பொடியைச் சுரண்டி எடுத்துட்டு, பென்சோட்ரையசோல்னு ஒரு ரசாயனத்தை ஆல்கஹால்ல கரைச்சு அதுல ஊற வைப்பாங்க. அது செம்போட சேர்ந்து மெல்லிய படலம் போடும். (உடம்புக்கு ஆகாத பொருள், வீட்ல முயற்சி பண்ணாதீங்க.) அப்புறம் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருக்குற கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்க. உப்பு உள்ளேயே கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஈரம் இல்லாம அதால ஒண்ணும் செய்ய முடியாது.

சரி, பெட்டிக்குள்ள வைக்க முடியாத சிலைக்கு? 1959லேர்ந்து மெரினாவில கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிற உழைப்பாளர் சிலையை எடுத்துக்குங்க. ஒரு பக்கம் உப்புக்காத்து, இன்னொரு பக்கம் வண்டிப்புகை. புகையில வர்ற கந்தக டை ஆக்சைடு மழையோட சேர்ந்தா அமிலம். வெட்டவெளியில நிக்கிற வெண்கலச் சிலைகள்ல மழை வழியிற இடம் வெளிர்பச்சைக் கோடாவும், மழை படாத அக்குள், தாடைக்கு அடிப்பக்கம் எல்லாம் கருப்பாவும் போகறதுக்கு இதுதான் காரணம்.

அங்கே ஈரத்தைத் தடுக்க முடியாது. அதனால உப்பும் ஈரமும் உலோகத்தைத் தொடாம பார்த்துக்கறாங்க. அமெரிக்காவில நேஷனல் பார்க் சர்வீஸ் தன் சிலைகளுக்குச் செய்யற வேலை இதுதான்: மென்மையான சோப்புத் தண்ணியில கழுவி, நல்ல தண்ணியில அலசி, காய வச்சு, கேஸ் டார்ச்சால உலோகத்தைச் சூடாக்கி மெழுகு தடவுவாங்க. சூட்டுல மெழுகு உருகி நுண்துளைக்குள்ள இறங்கும். ஆறினதும் துணியால தேய்ப்பாங்க. வெயிலும் மழையும் அந்த மெழுகைத் தின்னும், சிலையைத் தின்னாது. ஆனா மெழுகு நிரந்தரம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யணும். விட்டா போச்சு. மணல் பீச்சி பளபளப்பாக்கறது இன்னும் மோசம், கவசத்தோலும் சேர்ந்து போயிடும்.

மெழுகும் காப்பாத்தாத கட்டம் ஒண்ணு உண்டு. ரோம்ல மார்க்கஸ் அரேலியஸ் குதிரைமேல உக்காந்திருக்குற வெண்கலச் சிலையை 1981ல சிகிச்சைக்காகக் கீழே இறக்கினாங்க. திரும்ப ஏத்தவே இல்லை. 1997ல சதுக்கத்துல ஒரு நகலை வச்சுட்டாங்க. அசல் இப்ப மியூசியத்துக்குள்ள இருக்கு.

கிருஷ்ணன் கதைக்கு வர்றேன். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவுக்குள்ள வைக்கலாம்னேன். "சாமியை டப்பாவில போட்டு மூடறதா?"ன்னு அம்மா ஒரே சண்டை. கடைசில கண்ணாடி மூடி உள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணித் திரும்ப வைக்கிறதுன்னு சமாதானம். புளி, உப்பு கட். பூ வெளியே, விளக்கு வெளியே.

நேத்து போன்ல கேட்டேன். புதுசா பொடி இல்லையாம். "ஆனா பளபளப்பு இல்லைடா"ன்னாங்க.

பளபளப்பு வேணாம்மா. முழங்கால் மிஞ்சட்டும்.