‘போன மெயிலிலேயே சொன்னேனே!’

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலகத்தில் மெயில் எழுதும் பிள்ளைகள் பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் ராயபுரத்தில் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் வீடுகள் அதிகம். அப்பா லாரி ஓட்டியிருப்பார், பிள்ளை கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பான். அப்படி ஒருவன், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், போன மாதம் போனை நீட்டினான். “சார், இந்த மெயில்ல என்ன தப்பு? கஸ்டமர் எங்க மேனேஜர்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்க.”

அவன் எழுதியது ஒரே வரி: ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில், வி.ஜி.எம். அனுப்பவும்.’

வி.ஜி.எம். என்பது சரக்கேற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க இது கட்டாயம். அது வராத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. சரக்கின் எடை மட்டும் போதாது. பெட்டிக்குள் முட்டுக் கொடுக்கும் கட்டைகளின் எடையும், காலிப் பெட்டியின் எடையும் சேர வேண்டும்.

முந்தைய மெயில்களை மேலே தள்ளிப் பார்த்தேன். இவன் எடை கேட்டிருக்கிறான். அந்த அம்மா 18,400 கிலோ என்று பதில் போட்டிருக்கிறார். அது பேக்கிங் லிஸ்டில் உள்ள சரக்கு எடை. அவரைப் பொறுத்தவரை கேட்டதைக் கொடுத்தாயிற்று. இவன் ‘போன மெயிலில் சொன்னபடி’ என்கிறான், அவர் ‘நானும் போன மெயிலிலேயே அனுப்பிவிட்டேன்’ என்கிறார். இரண்டு நாள் இப்படியே போய், பெட்டி அந்த வாரக் கப்பலைத் தவறவிட்டது.

அந்த வரி ஏன் சுடுகிறது? நம் பேச்சில் ‘சொன்னேன்’ என்பது தகவல், ‘சொன்னேனே’ என்பது குற்றச்சாட்டு. இலக்கணத்தில் தேற்ற ஏகாரம் என்று நடத்துவோம். ஆங்கில வரியில் அந்த ஏகாரம் ஒளிந்திருக்கிறது. ‘நீ படிக்கவில்லை’ என்றுதான் காதில் விழும். அதைவிடப் பெரிய குறை, என்ன வேண்டும் என்பதே அந்த வரியில் இல்லை.

பலர் இதற்கு மருந்தாக ‘கைண்ட்லி’, ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று சேர்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்றாவது முறை வரும் ஜென்டில் ரிமைண்டரில் மென்மை எங்கே இருக்கிறது? கேட்டதை மறுபடி முழுதாகச் சொல்வதுதான் மரியாதை. எதிராளி பழைய மெயிலைத் தேட வேண்டாம் அல்லவா?

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதிப் பார்த்தோம். அவன் ஆங்கிலத்தில் எழுதினான், பொருளைத் தமிழில் தருகிறேன்:

‘மேடம், 18,400 கிலோ என்ற சரக்கு எடை கிடைத்தது, நன்றி. வி.ஜி.எம். படிவத்துக்கு இன்னும் இரண்டு எடைகள் தேவைப்படுகின்றன. பெட்டிக் கதவில் எழுதியுள்ள காலி எடை 2,230 கிலோ. உள்ளே வைத்த கட்டைகள் 120 கிலோ என்று உங்கள் கிடங்கில் சொன்னார்கள். மொத்தம் 20,750 கிலோ. இது சரியென்றால் இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு நாளை மதியம் 2 மணிக்குள் அனுப்ப முடியுமா? அதன் பிறகு லைன்காரர்கள் வாங்க மாட்டார்கள்.’

‘முன்பே கேட்டேன்’ என்ற பேச்சே இதில் இல்லை. வந்ததற்கு நன்றி, குறைவது எது, எப்போதைக்குள், ஏன் அந்த நேரம் என்பது மட்டும்தான். குழப்பம் எங்கே என்பதும் படித்தவுடனே புரிந்துவிடும்.

‘நீங்கள் அனுப்பவில்லை’ என்பதையும் ‘எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்று மாற்றச் சொன்னேன். வீட்டில் பெரியவர்களிடம் பேசும்போது நாம் செய்வதுதான். ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்.

“நாளைக்குப் பிரச்சனை வந்து எங்க மேல பழி விழுந்தா, நான் முன்னாடியே கேட்டதுக்கு ஆதாரம் வேணுமே சார்?” என்றான். நியாயமான கேள்வி. தாமதக் கட்டணத் தகராறில் தேதிதான் பேசும். நம் அரசு அலுவலகக் கடிதங்களைப் பாருங்கள். ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று போட்டு முந்தைய கடிதத்தின் எண், நாள் இரண்டும் இருக்கும். பழைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அதே போல மெயிலின் தலைப்பிலோ கடைசி வரியிலோ ‘தொடர்பு: 12-ம் தேதி மெயில்’ என்று போடலாம். பழைய மெயிலுக்குப் பதிலாகவே அனுப்பினால் சங்கிலியும் அறுபடாது. ஆதாரமும் இருக்கும், குத்தலும் இருக்காது.

(ஆனால் ‘கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்ற அரசு வாக்கியத்தைக் கடன் வாங்காதீர்கள். அது மெமோ மாதிரியே கேட்கும்!)

கெடு முடிய இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு பணிவான மெயிலும் வேலைக்கு ஆகாது. போன் போடுங்கள். பேசி முடித்ததும் ‘இப்போது பேசியபடி மொத்த எடை 20,750 கிலோ, படிவம் 2 மணிக்குள் வரும்’ என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள்.