இன்னையோட 29 வருஷம்

இது என் மனைவிக்கு எழுதினது. காலையில் மடப்பள்ளியில் என்னைப் பார்த்து "அண்ணே, நீங்களா பொங்கல் செய்றீங்க?"ன்னு கேட்டவங்களுக்கும் இதுதான் பதில்.

இந்தா பாரும்மா, 1996-ல் ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலில் உனக்குத் தாலி கட்டினேன். இன்னையோட 29 வருஷம். போன கல்யாண நாளுக்கு நீ இருந்தே.

முதல்ல ஒரு சேதி. 1.1.2025-ல் இருந்து நம்ம ஜொகூரில் வார லீவு மறுபடியும் சனி, ஞாயிறா மாறிடுச்சு. 2014-ல் இருந்து வெள்ளிக்கிழமை லீவா இருந்ததால, கல்யாண நாளை ஒட்டி வர்ற வெள்ளியில நாம உபயம் வச்சுக்குவோம். நீ பொங்கல் வைப்பே, நான் தேங்காய் உடைப்பேன். இன்னைக்கு வெள்ளி, எனக்கு வேலை நாள். கம்பெனியில லீவு எழுதிக் கொடுத்துட்டு விடியக்காலை 5 மணிக்கே மடப்பள்ளிக்குப் போயிட்டேன்.

உன் கணக்கு நோட்டுல இருந்துச்சு. பச்சரிசி 10 டம்ளர், பாசிப்பருப்பு இரண்டரை, தண்ணி 50, வெல்லம் 18. மத்தது எதையும் நீ எழுதி வைக்கலை. ஏன் எழுதணும், கூடவே ஒருத்தன் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கானேன்னு நினைச்சிருப்பே. நான் பார்த்தேன்தான், ஆனா பாதி நேரம் போனைப் பார்த்தேன்.

ஒன்னு மட்டும் எனக்கு எப்பவும் புரியாது. சாமிக்குப் படைக்கிற முன்னாடி ருசி பார்க்கக் கூடாது. நான் பாக்டரியில மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்துப் பார்க்காம சரக்கை வெளியே விடமாட்டேன். "ருசி பார்க்காம எப்படித் தெரியும்?"னு வருஷா வருஷம் கேட்பேன். "கையில தெரியும்ங்க"ன்னு ஒரே பதில்தான் சொல்வே.

இன்னைக்குக் கொஞ்சம் புரிஞ்சுது. பருப்பை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, அரிசியோட வேக வச்சேன். ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலால நசுக்கினேன். நடுவுல சின்னதா ஒரு வெள்ளைப் பொட்டு நின்னுச்சு. அப்பவே வெல்லத்தைக் கொட்டியிருந்தா கெட்டுப் போயிருக்கும், ஏன்னா வெல்லம் சேர்ந்துட்டா அரிசி அதுக்கு மேல குழையாது. இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் காத்திருந்தேன். பொட்டு மறைஞ்சதும், கரைச்சு வடிகட்டின வெல்லப்பாகை ஊத்தினேன். அடியில எவ்வளவு மண்ணு தெரியுமா! அடுப்பைக் குறைக்கத்தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. அடி பிடிக்கிற வாசம் மூக்குல ஏறினதும் சுரண்டாம, மேலாக வேற அண்டாவுக்கு மாத்திட்டேன். நீ ஒரு வருஷம் அப்படி மாத்தினது ஞாபகம் வந்துச்சு. கரண்டியைத் தூக்கினா தண்ணியா ஓடாம, கட்டியாவும் நிக்காம மெதுவா விழுந்துச்சு. அப்புறம் நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய். பச்சைக் கற்பூரம் ஒரு மிளகு அளவுதான்.

அந்தக் கற்பூரத்தைப் பத்தித்தான் உன்கிட்ட ஒன்னு சொல்லணும்.

இனிப்பு நீர் வந்ததுல இருந்து நீ செஞ்ச பொங்கலை நீயே சாப்பிட்டதில்லை. படைக்கிற முன்னாடி சாமிக்காக, படைச்ச பிறகு டாக்டருக்காக. தீபாராதனை முடிஞ்சதும் ஒரு தொன்னையில எடுத்து என் கையில கொடுத்துட்டு என் முகத்தையே பார்ப்பே. "சரியா இருக்காங்க?" நான் "சரியா இருக்கு"ன்னு சொன்ன பிறகுதான் வரிசைக்குக் கொடுக்கச் சொல்வே. டயாலிசிஸ் போக ஆரம்பிச்ச பிறகும், நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு அதையேதான் கேட்டே.

2017-ல் கற்பூரம் கூடிப் போச்சு. நாக்குல வச்சதும் கசந்துச்சு. நான் "சரியா இருக்கு"ன்னு சொன்னேன். அன்னைக்கு உன் கால் வீங்கியிருந்துச்சு, விடியக்காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்தே. மனசு வரலை. பிள்ளைங்க பாதியில தொன்னையைக் கீழே வச்சதை நீ பார்த்திருக்கக் கூடாதேன்னு அவசரமா எடுத்துக் குப்பையில போட்டேன். பிரசாதத்தை அப்படிப் போடக் கூடாதுதான். அம்மன்கிட்ட அன்னைக்கே மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்ட இன்னைக்குத்தான் கேட்கிறேன்.

அர்ச்சனைச் சீட்டும் நானேதான் எழுதினேன். எப்பவும் நம்ம ரெண்டு பேர் பேரும், நட்சத்திரமும். இன்னைக்கு உன் பேரை எழுதிட்டுத்தான் நிறுத்தினேன். சங்கல்பம் உயிரோட இருக்கிறவங்களுக்கு, உனக்குத் திதி இருக்குன்னு குருக்கள் மெதுவாச் சொன்னார். சீட்டைக் கிழிக்கலை, மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருக்கேன். என் பேரும் பிள்ளைங்க பேரும் போட்டு வேற சீட்டு எழுதினேன்.

படைச்ச பிறகு முதல் தொன்னையை எடுத்து நானே வாயில வச்சேன். இனிப்பு ஒரு டம்ளர் குறைச்சல். கற்பூரம் அளவாத்தான் இருக்கு. லேசா அடி பிடிச்ச வாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். வரிசையில நின்ன பாட்டி ஒருத்தங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க.

அடி பிடிச்ச அண்டாவைத் தண்ணி ஊத்தி ஊற வச்சிருக்கேன். சாயங்காலப் பூஜைக்கு முன்னாடி போய்த் தேய்க்கணும்.