புள்ளி உதிராத எழுத்து

மதுரையில் அந்த ஸ்டிக்கர் கடைக்குள் நுழைந்தபோது, ஆட்டோக்காரர் ஒருவர் 'அன்னையின் அன்பு' என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்கண்ணாடிக்குப் பெரிதாக ஒன்று. மீட்டர் பக்கத்தில் 8 மி.மீ. உயரத்தில் சின்னதாக இன்னொன்று.

"பெருசு பிரச்சினை இல்லை சார். சின்னதுலதான் மூணு புள்ளியும் உதிரும்" என்றார் கடைக்காரர்.

அந்த உயரத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு மி.மீ. அளவுதான் வரும். வெட்டும் இயந்திரத்தின் கத்தி முனை அதன் சுழலும் அச்சுக்குச் சற்று விலகி, பெரும்பாலும் கால் மி.மீ. தள்ளி, இழுபட்டுத் திரும்புகிறது. அத்தனை சிறிய வட்டத்தைச் சுற்றும்போது வினைலையும் சேர்த்து இழுத்துவிடும். தப்பி வெட்டுப்பட்டாலும், பிடித்துக்கொள்ளப் பசைப்பரப்பு போதாது. எழுத்தை 12 மி.மீ. ஆக்கி, நடுவில் ஓட்டையுள்ள வளையப் புள்ளிகளை 2 மி.மீ. அளவில் முழுவட்டமாக வரைந்தார். ஒரு மி.மீ.க்கும் மெல்லிய கோடுகளைத் தடிமனாக்கினார்.

அடுத்து எழுத்துகளை வளைகோடாக்கி, வெல்டு செய்தார். பழைய எழுத்துருக்களில் 'யி'யின் கொக்கி தனி வடிவம். அது 'ய' மேல் ஏறி நிற்கும். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் இயந்திரம் இரண்டையும் தனித்தனியே வெட்டி, எழுத்தின் உள்ளே கீறல் போட்டுவிடும். இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வயர்பிரேம் பார்வை போதும். கோடு கோட்டை வெட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தது அதன்பின் அவர் போட்ட கோடுகள்தான். வடிவத்தைச் சுற்றி ஒரு பெட்டி, இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு நெடுங்கோடு. வேண்டாத வினைலை ஒரே தாளாக உரித்தால், அது தொங்கி மடிந்து எழுத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். கோடு இருந்தால் துண்டு துண்டாக வரும். அந்தக் கோடு எழுத்தைத் தொடக்கூடாது. உரிப்பது கடைப் பையன். ஊசிமுனையால் மூலையைத் தூக்கி, தாளோடு ஒட்டியபடி பின்னோக்கி மெல்ல இழுத்தான். புள்ளிகள் மூன்றும் நின்றன.

பக்கத்து மேசையில் அச்சடித்த ஊறுகாய் லேபிள்கள். இவற்றை வெட்ட நான்கு மூலைகளிலும் கறுப்புக் குறிகள் வேண்டும். இயந்திரத்தின் சென்சார் அவற்றைப் படித்து, தாள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அச்சில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு வெட்டுக்கோட்டைச் சரிசெய்கிறது. குறி போட்டபின் அளவை மாற்றினால் கணக்கு கெடும். பளபளக்கும் லேமினேஷன் ஒளியைத் திருப்பி அடித்துக் குறியை மறைத்துவிடுவதால், குறிகளின் மேல் மேட் டேப் ஒட்டியிருந்தார். எல்லா லேபிளும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் சென்சாரின் அளவீடு பிசகு. போகப்போகத் தள்ளல் கூடினால் தாள் வழுக்குகிறது. சின்னப் பிசகு தெரியாதிருக்க, பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டி 2 மி.மீ. நீட்டியும் வைத்திருந்தார்.

அடுத்த முறை ஸ்டிக்கருக்குப் போகிறவர்கள் வாட்ஸ்அப்பில் மங்கலான படம் அனுப்பாதீர்கள். வெக்டர் கோப்பைக் கொடுங்கள். எந்த அளவில், எதன் மேல் ஒட்டப்போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.