மூன்று பேரா, ஐந்து பேரா?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தியும் அவருடைய மகனும் மருமகளும் கோடைக்கு எங்களிடம் வர ஆசைப்பட்டார்கள். விசா விண்ணப்பத்தோடு சேர்க்க இங்கிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வேண்டும். எழுதுகிற வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. வீட்டில் மாஸ்டர்ஸ் படிச்சவன் நான்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் இருந்து ஆங்கிலத்தில் அடித்து முடித்தேன். ஒருக்கால் பார்க்கச் சொல்லி வட்ஸ்அப்பில் சித்திக்கு அனுப்பினேன். சித்தி முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்தவர். அடுத்த நாள் காலமை குரல் பதிவு வந்தது.

“தம்பி, கடிதம் நல்லாக் கிடக்கு. ஆனா இதிலை அஞ்சு பேர் வருகினம் எண்டெல்லோ கிடக்கு. அந்த ரீச்சர் ஆர்? அந்த வங்கி உத்தியோகத்தர் ஆர்?”

நான் எழுதியிருந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “என் சித்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை, அவருடைய மகன், வங்கி உத்தியோகத்தர், மருமகள் ஆகியோரை அழைக்கிறேன்.”

ஆசிரியை என்பது சித்திதான். வங்கி உத்தியோகத்தர் என்பது மகன்தான். எனக்கு அது தெரியும். கடிதத்தை வாசிக்கப்போகிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கொம்மாக்களை எண்ணினால் ஐந்து பேர் நிற்கிறார்கள். விண்ணப்பம் போட்டதோ மூன்று பேர். அழைப்புக் கடிதம் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று இல்லை. ஆனால் கடிதம் ஒரு கணக்கும் விண்ணப்பம் இன்னொரு கணக்கும் சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

சித்தி சொன்ன திருத்தம் சின்னது. ஆட்களைப் பிரிக்கிற இடத்தில் கொம்மாவை எடுத்துவிட்டு செமிகோலன் போடச் சொன்னார். “என் சித்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை; அவருடைய மகன், வங்கி உத்தியோகத்தர்; மருமகள்.” இப்போது மூன்று பேர்தான். ஒருவரைப் பற்றிய விபரத்தைக் கொம்மா சொல்கிறது. ஒருவர் முடிந்து அடுத்தவர் தொடங்குவதைச் செமிகோலன் சொல்கிறது. பட்டியலில் உள்ள ஒன்றுக்குள்ளேயே கொம்மா வந்துவிட்டால், பட்டியலைப் பிரிக்க அதைவிடப் பெரிய குறி வேண்டும். செமிகோலன் இல்லாமல் முடியவே முடியாத இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

எனக்கு ஏன் இது தெரியாமல் போனது என்று யோசித்தேன். நான் மூன்று வயதில் இங்கே வந்தவன். 1977இல் வந்த 101ஆம் சட்டத்தின்படி, என்னைப் போல வந்த பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். ஆங்கிலம் இரண்டாம் மொழி. பிறகு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தபோது, நிறுத்தக்குறியை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரவில்லை. வேலையில் ஒரு நாளைக்கு நூறு செமிகோலன் அடிக்கிறேன், ஆனால் அது ஜாவாவில். அங்கே அது ஒரு கூற்று முடிந்தது என்பதற்கான அடையாளம். ஆங்கிலத்தில் அது முடிவு அல்ல, நடு. அதற்கு இரண்டு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும். இடம் மாறி விழுந்தால் ஜாவா கத்தும். கடிதம் கத்தாது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. அதாவது கொம்மா, செமிகோலன், கோலன், ஃபுல்ஸ்டொப். நம் பழைய ஏடுகளில் இவை இல்லை. ஐரோப்பியர் வழியாக வந்த இந்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றவைத்தவர்களில் முக்கியமானவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பெயர்களும் அழகான பெயர்கள்தான்: கால், அரை, முக்கால், முழுசு. வாசிக்கும்போது எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற அளவு அது. ஆனால் எழுதும்போது அந்த அளவே ஆளைப் பிழையாகக் கொண்டுபோய் விடுகிறது. முக்காற்புள்ளி என்பது கொஞ்சம் நீளமான அரைப்புள்ளி அல்ல. இரண்டுக்கும் வேலை வேறு. அரைப்புள்ளி ஒரே தரத்தில் உள்ள இரண்டைப் பக்கத்தில் வைக்கிறது. முக்காற்புள்ளி ‘இதோ வருகிறது’ என்று அடுத்ததைக் கைகாட்டுகிறது.

அந்தக் கைகாட்டுகிற குறியிலும் நான் பிழை விட்டிருந்தேன். தமிழில் “வருபவர்கள்: சித்தி, மகன், மருமகள்” என்று எழுதலாம். ‘இருக்கிறார்கள்’ என்ற வினை அங்கே தேவையில்லை, அந்த இடத்தைக் குறியே நிரப்பிவிடும். ஆங்கிலத்தில் அங்கே ‘ஆர்’ என்ற வினை வந்தே ஆக வேண்டும். நான் அந்த வினையையும் போட்டு, தமிழ்ப் பழக்கத்தில் அதற்குப் பின்னால் முக்காற்புள்ளியையும் போட்டிருந்தேன். வினை கையை நீட்டும்போது நடுவில் ஒரு கதவைச் சாத்தியது மாதிரி.

முறையான ஆங்கில எழுத்தில், வசனத்துக்குள் வருகிற முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியமாக இருக்க வேண்டும். “நான் மூன்று பேரை அழைக்கிறேன்:” என்றால் சரி. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தாலும் வாக்கியம் நிற்கும். “என் விருந்தினர்கள் ஆர்” என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள், நொண்டும். அப்படியானால் முக்காற்புள்ளியும் வேண்டாம். எனக்கு இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ‘மூன்று பேர்’ என்ற எண்ணிக்கையை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

இதே முற்றுப்புள்ளிச் சோதனை அரைப்புள்ளிக்கும் உதவும். நாங்கள் தமிழில் ஒரு நீள வாக்கியத்தைச் சுகமாகக் கட்டுவோம்: “அவர்கள் ஆடியில் வந்து, எங்கள் வீட்டில் தங்கி, நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.” வந்து, தங்கி, பார்த்துவிட்டு எல்லாம் வினையெச்சங்கள். முடிகிற வினை ஒன்றுதான், அதனால் கொம்மா போதும். அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு எச்சமும் ஒரு முழு வாக்கியமாகிவிடுகிறது: அவர்கள் வருவார்கள், அவர்கள் தங்குவார்கள், அவர்கள் பார்ப்பார்கள். கொம்மாக்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. முழு வாக்கியங்களை வெறும் கொம்மாவால் ஒட்டுவது முறையான ஆங்கிலத்தில் பிழை.

‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ வருகிற இடங்களில் இந்தப் பிழை இன்னும் கூட. என் கடிதத்திலும் இருந்தது: “தங்கும் செலவை நான் ஏற்கிறேன், ஹவெவர் விமானச் சீட்டை அவர்களே வாங்குவார்கள்.” அந்தச் சொல்லுக்கு ‘பட்’ மாதிரி இரண்டு வாக்கியங்களைக் கட்டுகிற பலம் இல்லை. அதற்கு முன்னால் அரைப்புள்ளி வேண்டும், பின்னால் கொம்மா வேண்டும். அல்லது முன்னால் முற்றுப்புள்ளி வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். நான் முற்றுப்புள்ளியையே வைத்தேன். யார் எதற்குக் காசு கட்டுகிறார் என்பது அதிகாரி தேடிப் பார்க்கிற விசயம். அது தனி வாக்கியமாக இருந்தால் கண்ணில் படும்.

இவ்வளவும் படித்ததும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. விபரப் பகுதி முழுவதையும் அரைப்புள்ளியால் கட்டினேன். ஒவ்வொருவரின் முழுப் பெயர், பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி, எனக்கு என்ன உறவு, என்ன தொழில், எல்லாம் ஒரே வாக்கியத்தில். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. சித்திக்கு அனுப்பினேன்.

“பிழை இல்லைத் தம்பி. ஆனா மகனின்ரை பிறந்த திகதிக்கு வரேக்கை, ஆற்றை திகதி எண்டு திரும்பி மேலை போய்ப் பாக்க வேண்டிக் கிடக்கு. அப்பிடிப் போக வேண்டி வந்தா வசனத்தை முறி.”

முறித்தேன். முதல் வாக்கியத்தில் மூன்று பேர், முக்காற்புள்ளி, அரைப்புள்ளிகளோடு பட்டியல். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு சின்னப் பந்தி. ஒரு வாக்கியத்தில் ஒரு விபரம், பிறகு முற்றுப்புள்ளி. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அரைப்புள்ளி கடைசியில் ஓரிடத்தில்தான் மிஞ்சியது: “சித்தி மூன்று கிழமை நிற்பார்; மகனும் மருமகளும் பத்து நாள் நிற்பார்கள்.” இரண்டும் முழு வாக்கியங்கள். முற்றுப்புள்ளி வைத்தாலும் பிழையில்லை. ஆனால் ஒன்றோடு மற்றதை ஒப்பிட்டு வாசித்தால்தான் திரும்புகிற திகதி ஏன் வேறு என்று விளங்கும். அதனால் அதை விட்டுவைத்தேன்.

கியூபெக்கில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாலாம் வகுப்பில் படிக்கும் மகள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, ரெண்டு புள்ளிக்கு முன்னாலை இடம் விட மறந்திட்டீங்கள்” என்றாள். அவளுக்கு அது சரி. பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி வரும். அரைப்புள்ளிக்கு முன்னால் கியூபெக் வழக்கத்தில் விடுவதில்லை, பிரான்சில் மெல்லிய இடைவெளி விடுகிறார்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டு குறிகளுமே முந்திய சொல்லோடு ஒட்டி நிற்கும். உங்கள் கணினியின் மொழி பிரெஞ்சில் கிடந்தால், வேர்ட் தானாகவே அந்த இடைவெளியை நுழைத்துவிடும். ஆங்கிலக் கடிதத்தில் முக்காற்புள்ளி தள்ளி நிற்பதைக் கண்டால், முதலில் மொழி அமைப்பைப் பாருங்கள். மகளுக்கு இதை விளங்கப்படுத்தினேன். “அப்ப எனக்குப் பிழை இல்லை, உங்களுக்கும் பிழை இல்லையா?” என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

இப்போது வேலைக்கு எழுதும்போதும் பள்ளிக்கூடத்துக்கு எழுதும்போதும் ஒரே வரிசையில்தான் போகிறேன். முதலில் எல்லா இடத்திலும் முற்றுப்புள்ளி. பிறகு திரும்ப வாசித்து, பிரித்தால் பொருள் கெடுகிற இரண்டு வாக்கியம் இருந்தால் மட்டும் அங்கே அரைப்புள்ளி. ஒரு பக்கக் கடிதத்தில் அப்படி ஒன்றோ இரண்டோதான் வரும். பல கடிதங்களில் ஒன்றுமே வராது.

மூன்றாவது பிரதியை அனுப்பிய அன்று சித்தி குரல் பதிவு அனுப்பவில்லை. ஒரு வரி எழுதியிருந்தார்: “இப்ப மூண்டு பேர்தான் வாறம். அந்த ரீச்சரையும் வங்கிக்காரனையும் மறிச்சுப்போட்டாய்.”